கரண்ட் வந்த நேரம்

2020 தை மாதம் எங்கள் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 25 வருடம் நிறைந்தது. கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டு, சொந்தக்காரர்கள் ஐம்பது அறுபது பேரை அழைத்துச் சாப்பாடு போடுவதென்று முடிவானது. மாலை மாற்றுவது, கேக் வெட்டுவது எல்லாம் பெரியம்மா பொறுப்பு. பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து நாலு வார்த்தை எழுதிப் படிக்க வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். மூத்தவள் நான், அப்போது எனக்கு வயது 23. தம்பி கல்லூரியில் இருந்தான். தங்கை பதினொன்றாம் வகுப்பு.

அன்று இரவே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி முடித்தேன். எங்களுக்காக இரவு பகல் பாராமல் உழைத்தீர்கள், உங்கள் ஆசைகளை ஒதுக்கிவைத்து எங்களைப் படிக்க வைத்தீர்கள், நீங்கள் கிடைத்தது நாங்கள் செய்த புண்ணியம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்குக் கண்கூடக் கலங்கியது. தம்பி வாங்கிப் படித்தான்.

“நல்லாருக்குக்கா. ஆனா இது யாரோட அப்பா அம்மா?”

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் மாறியது. தாளைத் திரும்பப் படித்தேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் எடுத்துப் போய் அவர்கள் வீட்டு விசேஷத்தில் படித்தாலும் ஓர் எழுத்தை மாற்ற வேண்டியிருக்காது. அப்பாவின் கையில் எப்போதும் இருக்கும் கூலன்ட் எண்ணெய் வாசம் அதில் இல்லை. அம்மாவின் கிரைண்டர் இல்லை. நாங்கள் வளர்ந்த வீடே இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த மூன்று வாரம் நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். அதற்குப் பிறகு சித்தப்பா வீடு, தோழிகள் வீடு என்று ஏழெட்டு வெள்ளி விழாக்களுக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத உதவியிருக்கிறேன். எல்லா வீட்டிலும் முதல் தாள் அநேகமாக ஒரே மாதிரிதான் வந்தது.

அறுபதாம் கல்யாணத்துக்கு நம்மிடம் முறை இருக்கிறது. கணவனுக்கு 60 வயது நிறையும்போது செய்வது அது. திருக்கடையூர் போய்விட்டால் கலசம் வைப்பதிலிருந்து தாலி கட்டுவது வரை எது எப்போது என்று கூட இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். 25ஆம் வருடத்துக்கு அப்படி ஒரு சடங்கும் கிடையாது. ஆகையால் பிள்ளைகள் எழுந்து படிக்கும் அந்தத் தாள்தான் விழாவின் நடுநாயகமாகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. அறுபதாம் கல்யாணத்தின்போது பிள்ளைகளுக்கே பிள்ளைகள் இருப்பார்கள். 25ஆம் வருடத்தில் மூத்த பிள்ளைக்கு அதிகம் போனால் 24 வயது. கடைசிப் பிள்ளை இன்னும் அப்பா கட்டும் ஃபீஸில் படித்துக்கொண்டிருக்கும். வளர்த்தவர்கள் கையிலிருந்து இன்னும் முழுதாக இறங்கியிராத வயதில் எழுதுவதால், நினைவுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் சரியாக எடுக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் நாங்கள் செய்தது, பேசிக்கொள்ளாமல் இருந்தது. மூன்று பேரும் தனித்தனியாக ஆளுக்குப் பத்து சம்பவம் எழுதுவது, எழுதி முடிக்கும் வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது என்று தம்பி சொன்னான். அது எவ்வளவு சரியான யோசனை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒன்றாக உட்கார்ந்து பேசினால் யார் கணீரென்று சொல்கிறார்களோ அவர்கள் நினைவுதான் எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். நினைவாற்றலை ஆராய்பவர்கள் இதைப் பலமுறை சோதித்திருக்கிறார்கள். ஒரே சம்பவத்தைப் பார்த்த இரண்டு பேர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டால், ஒருவர் தவறாகச் சொன்ன விவரத்தை இன்னொருவர் தானே கண்ணால் பார்த்ததாக நம்பத் தொடங்கிவிடுகிறார். வீட்டில் மூத்த பிள்ளைக்கு எப்போதும் குரல் அதிகம். நான் வாயைத் திறந்திருந்தால் தங்கையின் பத்து சம்பவமும் என்னுடையவற்றின் நகலாகத்தான் வந்திருக்கும்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று விவரம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். எங்கே, எந்த வருடம், அப்போது அவர்கள் கையில் என்ன இருந்தது. இந்த மூன்றாவது கேள்வி விளையாட்டாக வைத்தது. ஆனால் அதுதான் வேலை செய்தது. “அம்மா எங்களுக்காகக் கஷ்டப்பட்டாங்க” என்று எழுதியவள், கையில் என்ன இருந்தது என்று யோசிக்கும்போது ஈர உளுந்தும் டார்ச் லைட்டும் என்று எழுதத்தான் வேண்டும்.

மூன்று தாளையும் விரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் எங்கள் வீட்டுப் பழைய கதைகள். தங்கை பிறந்த அன்று அப்பா ஆஸ்பத்திரிக்கு ஒற்றைச் செருப்போடு ஓடிய கதை, தம்பி திருவிழாவில் தொலைந்து போன கதை. இவற்றை எங்களுக்குச் சொன்னதே அப்பாவும் அம்மாவும்தான். அவர்கள் நூறு தடவை சொன்னதை நாங்கள் நூற்றொன்றாவது தடவை திருப்பிச் சொல்வதில் அவர்களுக்குப் புதிதாக என்ன கிடைக்கும்? அதனால் ஒரு கோடு போட்டோம். அவர்களுக்கே தெரியாத ஒன்று ஒவ்வொரு சம்பவத்திலும் இருக்க வேண்டும். நாங்கள் பார்த்தது அவர்களுக்குத் தெரியாது, இல்லையென்றால் எங்களுக்குப் புரிந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. இந்தக் கோட்டைத் தாண்டி மிஞ்சியவை ஏழோ எட்டோதான்.

அதில் ஒன்று மூன்று தாளிலும் இருந்தது. 2012ஆம் வருடத்து மின்வெட்டு. சென்னையில் கொஞ்ச நேரம்தான் போகும். எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. ராத்திரியிலும் அப்படித்தான். அப்பா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரே ஒரு லேத் போட்டு, பம்புக் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். அம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்றார். இரண்டு தொழிலும் கரண்டை நம்பி இருந்தன. அந்த வருடம் எனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு.

என் தாளில், அப்பா ராத்திரி பட்டறைக்குப் போவார் என்று மட்டும் எழுதியிருந்தேன். தம்பி, கிரைண்டர் சத்தத்தில்தான் தூங்குவேன், அது நின்றால் விழிப்பு வந்துவிடும் என்று எழுதியிருந்தான். அப்போது எட்டே வயதான தங்கை எழுதியிருந்தது ஒரே வரி: “ஃபேன் சுத்தும்போது பக்கத்துல அம்மா இருக்க மாட்டாங்க.”

அதைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்றும் ஒரே ராத்திரியின் மூன்று பக்கங்கள். கரண்ட் இல்லாத ஒரு மணி நேரம் ஐந்து பேரும் வேர்த்துக்கொண்டு ஹாலில் வரிசையாகப் படுத்திருப்போம். அம்மா பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே இருப்பார். திடீரென்று தலைக்கு மேல் ஃபேன் ஒரு முனகலோடு சுற்ற ஆரம்பிக்கும். காற்று பட்டதும் நாங்கள் தூங்கிவிடுவோம். அந்த நிமிடத்தில் அவர்கள் இருவரும் எழுந்துவிடுவார்கள். அம்மா ஊறவைத்த உளுந்தைக் கிரைண்டரில் போடுவார், அப்பா சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவார். எங்களுக்குத் தூக்கம் வரும் நேரம்தான் அவர்களுக்கு வேலைக்கு எழும் நேரம். காற்று வரும் ஒரு மணி நேரத்தில்கூட அவர்கள் ஃபேனுக்கு அடியில் படுக்கவில்லை. “இரவு பகல் பாராமல் உழைத்தீர்கள்” என்று நான் எழுதிக் கிழித்த வரியின் உள்ளே இருந்தது இதுதான். அந்த வரி பொய் இல்லை. ஆனால் உள்ளே இருந்ததை அது மூடி வைத்திருந்தது.

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. கல்யாண நாளுக்கு எழுதுகிறோம், எங்கள் நினைவோ பாதியில்தான் தொடங்குகிறது. பொதுவாக மூன்று மூன்றரை வயதுக்கு முந்தையது யாருக்கும் நினைவிருப்பதில்லை. நான் 1996இல் பிறந்தவள். 1995இலிருந்து முதல் ஐந்து வருடம் எங்களுக்கு வெற்றுத் தாள். பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தை ஆல்பத்தைப் பார்த்து நிரப்பிவிடுகிறார்கள். ஆல்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் நிற்பார்கள், அதை வைத்துச் சொல்ல ஒன்றும் கிடைக்காது. பார்த்தவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். நாங்கள் அம்மிச்சியிடம் போனோம். “அவங்க எப்படி இருந்தாங்க அம்மிச்சி?” என்று கேட்டதற்கு, “நல்லாத்தான் இருந்தாங்க, அதுக்கென்ன” என்றார். கேள்வியை மாற்றி, “சனி ஞாயிறு என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டதும் அம்மிச்சிக்குக் கதை வந்துவிட்டது. அப்படிக் கேட்டதைக் கேட்டதாகவே எழுத வேண்டும். பார்த்ததைப் போல எழுதினால் பெற்றவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு தோழி வீட்டில் பையன், அப்பா அம்மா முதல் வீட்டுக்குப் பால் காய்ச்சிய காட்சியைக் கண்ணால் கண்டதுபோல் எழுதியிருந்தான். படித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அம்மா, “நீ அப்போ பொறக்கவே இல்லையேடா” என்று சொல்ல, சபை சிரித்ததில் மீதிக் கடிதம் கரைந்துவிட்டது.

இதற்கு அடுத்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. அம்மா தனியாகச் செய்தது, அப்பா தனியாகச் செய்தது என்று எங்களிடம் நிறைய இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தது ஒன்றுமே இல்லை. நாம் எழுதப் போவது அன்னையர் தினத்துக்கான வாழ்த்தா, கல்யாண நாளுக்கான வாழ்த்தா? அவர்கள் 25 வருடம் சேர்ந்து வாழ்ந்ததற்குத்தான் இந்தச் சாப்பாடும் பந்தலும். அதில் நாங்கள் என்ன கண்டோம் என்று ஒரு சம்பவமாவது இருக்க வேண்டாமா? மறுபடி தேடினோம். எனக்கும் தம்பிக்கும் வராதது தங்கையிடம் இருந்தது. அதைச் சொல்லவே அவள் தயங்கினாள்.

2009இல் ஒருமுறை அப்பாவும் அம்மாவும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. காரணம் எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அந்த நாட்களில் தூது போனது தங்கை. “உங்கப்பாகிட்ட கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு”, “உங்கம்மாகிட்ட சாவி எங்கேன்னு கேளு.” அவளுக்கு ஆறு வயது. மூன்றாம் நாள் ராத்திரி அம்மா ஏதோ சொல்லி அனுப்ப, நடுவழியில் அவள் அதை மறந்துவிட்டாள். அப்பா முன்னால் போய் நின்றதும் பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்: “அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க.” அப்பா எழுந்து போய் உட்கார்ந்தார். அம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டு வைத்தார். அம்மா அப்படிச் சொல்லவே இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியாது. அப்பா ஏன் வந்தார் என்பது அம்மாவுக்குத் தெரியாது. பதினோரு வருடம் அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, பொய் சொன்னதற்குத் திட்டு விழும் என்று.

எல்லா வீட்டிலும் இப்படி இனிமையாக ஒன்று கிடைத்துவிடாது. நான் உதவிய ஒரு வீட்டில் பெற்றவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் பல வருடமாக மனம் ஒட்டாமல் இருப்பவர்கள். பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். அங்கே ஆதர்ச தம்பதி என்று எழுதியிருந்தால் கேட்கிற இருவருக்கும் அது முள்ளாகக் குத்தியிருக்கும். அவர்கள் அம்மாவுக்குத் தனியாக ஒன்று, அப்பாவுக்குத் தனியாக ஒன்று சொல்லிவிட்டு, “எங்க ஸ்கூல் மீட்டிங் ஒண்ணுக்கும் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வராம இருந்ததில்ல” என்பதை மட்டும் பொதுவாக வைத்தார்கள். அது உண்மை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

சம்பவம் கிடைத்த பிறகு அது சரிதானா என்று பார்க்க வேண்டும். என்னைக் கல்லூரியில் சேர்க்க அம்மா வளையலை விற்றார் என்று தம்பி எழுதியிருந்தான். எனக்கு நினைவிருப்பது வேறு. 2014 ஜூன் மாதம் ஒருநாள் அம்மாவின் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. தாலி மஞ்சள் கயிற்றில் இருந்தது. கேட்டதற்கு, “வெயிலுக்குத் தங்கம் அரிக்குது கண்ணு” என்றார். வெயில் போய் ஐப்பசி மழை வந்த பிறகும் கயிறுதான். பெரியம்மாவிடம் மெதுவாகக் கேட்டோம். விற்கவில்லை, அடகு வைத்தார்கள், ஒன்றரை வருடம் கழித்து மீட்டார்கள் என்றார். வளையல் பக்கம் யாரும் போகவே இல்லை. தம்பி சொன்னதை அப்படியே சபையில் படித்திருந்தால், அம்மா விற்காத நகையை விற்றதாக ஊருக்கே தெரிந்திருக்கும்.

சரியான விவரம் கிடைத்த பிறகு அதைவிடப் பெரிய கேள்வி எழுந்தது. இதை அறுபது பேர் முன்னால் படிக்கலாமா? அந்தக் கயிற்றை வெயில் அரிப்பு என்று சொல்லி மறைத்தது எங்களிடமிருந்து மட்டுமா? சொந்தக்காரர்களிடமிருந்தும்தான். 25ஆம் வருடத்தில் மைக்கில் அதை உடைப்பது நன்றி ஆகாது. கடன், நோய், வேலை போனது, பெரிய சண்டை, இவையெல்லாம் பிள்ளைகளை அதிகம் தொட்டிருக்கும். ஆனால் அவை அவர்களுடைய மானமும்கூட. அதனால் இரண்டு தாள் எழுதினோம். சபையில் படிக்க ஒன்று, விருந்தினர்கள் போன பிறகு கையில் கொடுக்க ஒன்று. தாலிக்கொடி இரண்டாவது தாளுக்குப் போனது. அதற்குப் பிறகு நான் உதவிய எல்லா வீட்டிலும் முதலில் கேட்பது இதைத்தான்: எது சபைக்கு, எது கைக்கு?

பிறகு மொழி. வீட்டில் அப்பாவை “நீங்க” என்போம். அம்மாவை “நீ” என்போம். இது எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எத்தனையோ தமிழ் வீடுகளில் அப்படித்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதினால் “நீங்கள்” என்று வந்துவிடும். அந்த “நீங்களி”ல் அம்மா நமக்கு அந்நியமாகிவிடுகிறாள். நாங்கள் இருவரையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் “நீங்க” என்றும், அம்மாவைத் தனியாகப் பார்த்துச் சொல்லும் இடத்தில் “நீ” என்றும் எழுதினோம். பேசுகிற தமிழிலேயே எழுதினோம். மேடைத் தமிழில் இருந்தால் படிப்பவள் குரலே மாறிவிடுகிறது.

“நன்றி” என்ற சொல்லும் தொந்தரவு செய்தது. நம் வீடுகளில் அம்மாவிடம் யார் நன்றி சொல்கிறார்கள்? சொன்னால், “என்ன, புதுசா?” என்று கேட்பார். தமிழாசிரியையான பெரியம்மாதான் ஒரு விஷயம் சொன்னார். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது செய்த நல்லது. அந்த நல்லதை அறிந்திருப்பதுதான் அதிகாரத்தின் பேச்சு. அவர் சொன்ன பிறகு எங்களுக்கு வழி கிடைத்தது. நன்றி என்று ஒருமுறைகூட எழுத வேண்டாம், எதையெல்லாம் அறிந்திருக்கிறோம் என்று சொல்வோம் என்று முடிவு செய்தோம்.

நீளம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. சத்தமாகப் படித்துக் கடிகாரத்தைப் பார்த்தால்தான் அது தெரியும். மனதுக்குள் படிப்பதைவிட மைக்கில் படிக்க அதிக நேரமாகும், நடுவில் தொண்டை அடைக்கும் நேரம் வேறு. பலமாகத் தொடும் பகுதியைக் கடைசியில் வைக்காமல் நடுவில் வைத்தோம். அழுகை வந்தாலும் பிறகு மீண்டு வர இடம் இருக்கும். எழுத்தைப் பெரியதாக, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினோம். மூன்று பேரும் மாடியில் நின்று மூன்று முறை படித்துப் பார்த்தோம். முதல் முறை மூன்று பேருமே அழுதோம். மூன்றாவது முறை யாரும் அழவில்லை.

நாங்கள் சபையில் படித்ததன் பெரும்பகுதி இது. நான் தொடங்கினேன்.

“அப்பா, அம்மா, உங்க கல்யாணத்தை நாங்க பார்க்கல. அதுக்கப்புறம் கொஞ்ச வருசமும் எங்களுக்கு நினைவில்ல. அதனால அம்மிச்சிகிட்டக் கேட்டோம். புதுசுல நீங்க ஒத்தை ரூம்ல குடியிருந்தீங்களாம். அப்பாவுக்குச் சனிக்கிழமை சம்பளம். அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் காந்திபுரம் வரைக்கும் நடந்தே போவீங்களாம். வர்றப்ப மட்டும் பஸ்ஸு. ஒரு வழிக்குத்தான் காசு இருந்துச்சான்னு கேட்டோம். அதில்ல, போறப்ப பேசிட்டே போலாம்னு உங்கப்பன் சொல்லுவான்னாங்க அம்மிச்சி. அப்பா, இவ்வளவு பேசுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்க.

2012ல ராத்திரி ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. இல்லாதப்ப அம்மா, நீ காலண்டர் அட்டையால எங்களுக்கு விசிறுவே. கரண்ட் வந்து ஃபேன் சுத்தும். நாங்க தூங்கிட்டோம்னு நீங்க ரெண்டு பேரும் எந்திரிப்பீங்க. நீ லைட் போடாம, டார்ச்சைச் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டு உளுந்து போடுவே, எங்க கண்ணுல வெளிச்சம் படக்கூடாதுன்னு. அப்பா செருப்பைக் கையில எடுத்துட்டு வாசல் தாண்டித்தான் போடுவாரு. நாங்க எல்லா நாளும் தூங்கல. பார்த்துட்டுத்தான் படுத்திருந்தோம்.”

அடுத்துத் தம்பி, அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் மரத்தூளும் சோப்புத் தூளும் போட்டுக் கையைத் தேய்ப்பதையும், அவன் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் அன்று மட்டும் இரண்டு தடவை தேய்ப்பதையும் சொன்னான். கார்டில் எண்ணெய்க் கறை பட்டுவிடக்கூடாது என்பதற்காக. “எனக்கு அது நாலாவது படிக்கறப்பவே தெரியுங்கப்பா” என்று முடித்தான்.

பிறகு தங்கை மைக்கை வாங்கி, அந்த மூன்றாம் நாள் ராத்திரியைச் சொன்னாள். “அம்மா, நீ அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லல. நானாத்தான் சொன்னேன். நீ என்ன சொல்லி அனுப்பினேன்னு எனக்கு இப்பவும் நினைவில்ல.” அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “கேஸ் சிலிண்டர் காசு கேட்டனுப்புனேன்” என்றார்.

விருந்தினர்கள் எல்லோரும் போய், பந்தல் நாற்காலிகளை அடுக்கி முடித்த பிறகு இரண்டாவது தாளைக் கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்தோம். அம்மா அதை எங்கள் முன்னால் பிரிக்கவில்லை. அடுக்களையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். எப்போது படித்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலை நான் மாடிப் பந்தலின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அப்பா காபித் தம்ளரோடு மேலே வந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்.

“ஏங்கண்ணு, ஃபேன் சுத்துனப்ப நெசமாலுமே நீ தூங்கலையா?”

“இல்லீங்கப்பா. நெறைய நாள் முழிச்சுத்தான் இருந்தேன்.”

அப்பா தம்ளரைச் சுவர் மேல் வைத்தார்.

“அடடா. காலையில உனக்குப் பரீட்சை இருந்துச்சே” என்றார்.